நாக்கு இடறும் வரி சரி, இடறாமல் விறைத்து நிற்கும் வரியை என்ன செய்வது?

நண்பர்களே, கல்லடியில் எங்கள் 40 நிமிட மேடை நாடகத்தை ஞாயிறன்று உட்கார்ந்து வாசித்தோம். நான் வாய் திறக்காமல், வாசிப்பவர் தடுக்கிய இடங்களில் மட்டும் பென்சிலால் கோடிட்டேன். பிறகு வேறொருவரிடம் கொடுத்தேன். இருவரும் தடுக்கினால் பிழை வரியுடையது. ஒருவர் மட்டும் என்றால் பெரும்பாலும் என் கோழிக்கிறுக்கல்தான்.

இருவரும் விழுந்த வரி, தாய் மகனிடம் சொல்வது: “நீ வலை போடச் சென்றிருந்தபோது வந்திருந்த உன் மாமாவிடம் நான் கேட்ட பணத்தை அவர் மறுத்துவிட்டார்.” ‘மாமா’ வருமுன்பே மூச்சு முடிந்துவிடுகிறது. உடைத்தேன்: “மாமா வந்தார். நீ வாவியில் நின்றாய். பணம் கேட்டேன். இல்லை என்றுவிட்டார்.” இப்போது தடுக்கவில்லை.

சிக்கல் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாத்திரத்தில். “கொலுவிலே அமர்ந்தவன் கூலி கேட்கலாகாது” என்கிறார். யாரும் தடுக்கவில்லை, ஆனால் விறைப்பாக ஒலிக்கிறது. கூத்தில் ஊறியவர் வீட்டிலும் அப்படிப் பேசலாம்தான். மகளிடம் தேநீர் கேட்கும்போதும் அதே நடை என்பதுதான் உறுத்துகிறது. எந்த வரிகளில் அந்த நடையை அப்படியே விடுவது, எதில் பேச்சுநடைக்கு இறக்குவது? அண்ணாவிமாரோடு பழகியவர்கள் சொல்லுங்கள். அந்தக் காட்சி இரண்டு பக்கம்தான், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.