"தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற போன் சாயங்காலம் "ஸ்விட்ச் ஆஃப்" ஆனது எப்படி?

தென்காசிப் பொண்ணு

அப்பா போன மகரவிளக்கு சீசனில் எருமேலியிலிருந்து பெருவழியில் சபரிமலைக்கு நடந்து போனார். கூட குருசாமியும் எங்கள் தெருக்காரர்களும். பேட்டை துள்ளி முடித்ததும் ஒரு தடவை பேசினார், அதோடு சரி. மதியம் கூப்பிட்டால் மலையாளத்தில் "பரிதிக்குப் புறத்தாணு" என்று ஒரு அம்மா சொன்னார். காட்டுக்குள் டவர் கிடைக்காது என்று விட்டுவிட்டோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா ஸ்பீக்கரில் போட்டு மறுபடி கூப்பிட்டால், தெளிவான தமிழில் "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது". அம்மா கையில் இருந்த தீப்பெட்டி கீழே விழுந்துவிட்டது. யாரோ போனைப் பிடுங்கி அணைத்திருக்கிறான் என்று சித்தப்பா. தமிழில் சொல்கிறது என்றால் ஆள் கேரளாவிலேயே இல்லை என்று அத்தை. ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. மறுநாள் பம்பையிலிருந்து அவரே கூப்பிட்டார், போனை அணைக்கவே இல்லையாம், பையில் அப்படியே கிடந்ததாம், சார்ஜும் இருந்ததாம். பிறகு ஏன் அப்படிச் சொன்னது? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

லாரிக்காரர்

எந்த மொழியில் சொல்கிறதோ அந்த ஊரில் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் டிரைவர் பெங்களூர் தாண்டினால் கன்னடத்தில் சொல்லும், விஜயவாடா பக்கம் போனால் தெலுங்கு. அதை வைத்தே வண்டி எங்கே நிற்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். உங்கள் அத்தை சொன்னதில் தப்பில்லை, அப்பா கொஞ்ச நேரம் எல்லைப் பக்கம் வந்திருப்பார்.

எக்ஸ்சேஞ்ச் ஆள்

லாரிக்காரர் சொல்வது பாதி சரி. கரிமலையில் நடந்துகொண்டிருந்த ஆள் சாயங்காலம் தமிழ்நாட்டு எல்லைக்கு எப்படி வருவார்?

நடந்தது இதுதான். போனை நாம் பட்டனை அழுத்தி அணைக்கும்போது, அது அணைவதற்கு முன்னால் "நான் போகிறேன்" என்று நெட்வொர்க்குக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். அந்தச் செய்தி வந்திருந்தால் அடுத்த நிமிடம் யார் கூப்பிட்டாலும் "ஸ்விட்ச் ஆஃப்". காட்டுக்குள் நடக்கும்போது சிக்னல் அறுந்துபோனால் அந்தச் செய்தி போகாது. கேரள எக்ஸ்சேஞ்ச் இவர் இன்னும் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டு, கடைசியாகப் பார்த்த டவர்கள் வழியாகக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராது. அப்போது வருவதுதான் "எல்லைக்கு வெளியே". தேடினது கேரளா, அதனால் மலையாளம்.

சும்மா பையில் கிடக்கிற போன்கூடக் குறிப்பிட்ட இடைவெளியில் "இங்கேதான் இருக்கிறேன்" என்று தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். 4ஜி-யில் அதற்கு வழக்கமான அளவு 54 நிமிடம், கம்பெனிகள் கூட்டலாம் குறைக்கலாம். அந்த நேரம் கடந்து, அதற்கு மேல் கொஞ்ச நிமிடமும் பார்த்துவிட்டுச் சத்தமே இல்லை என்றால், நெட்வொர்க் தானாகவே இவர் கணக்கை மூடிவிடும். பிறகு கேரளா டவர்களில் தேடவே தேடாது. ஆள் இல்லை என்று நம் ஊர் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிவிடும், அது தன் மொழியில் "ஸ்விட்ச் ஆஃப்" என்று நமக்குச் சொல்லும். போன் பையில் உயிரோடுதான் இருக்கும். 4ஜி-யில் எல்லாக் கம்பெனியும் இந்த அறிவிப்பை ஒரே மாதிரி வைப்பதில்லை, அதனால் மொழியை வைத்து ஊரைக் கணிப்பதை நான் நம்ப மாட்டேன்.

உங்களுக்கு வந்த வரிசையைப் பாருங்கள். முதலில் எல்லைக்கு வெளியே, சில மணி நேரம் கழித்து ஸ்விட்ச் ஆஃப். இது பெரும்பாலும் சிக்னல் இல்லாத இடத்தில் நீண்ட நேரம் இருக்கிற ஆள். பேசிக்கொண்டிருந்த போன் அடுத்த ஐந்து நிமிடத்தில் நேராக ஸ்விட்ச் ஆஃப் என்றால், யாரோ முறைப்படி அணைத்திருக்கிறார்கள், அல்லது சார்ஜ் தீர்ந்து அதுவே அணைந்திருக்கிறது.

லாரிக்காரர்

அப்படியானால் எங்கள் டிரைவர் விஷயத்தில் எனக்கு எப்போதும் சரியாக வருகிறதே?

எக்ஸ்சேஞ்ச் ஆள்

உங்கள் டிரைவர் ஹைவேயில் போகிறார், சிக்னல் கொஞ்ச நேரம் விட்டுப்போய் உடனே வந்துவிடும், கணக்கை மூடுகிற அளவுக்குப் போகவே போகாது. அதனால்தான் சரியாக வருகிறது.

கோவை அண்ணாச்சி

இந்த ரெக்கார்டு வாய்ஸ் தொல்லை ஒரு சமயம் தாங்க முடியாமல் இருந்தது. 2025 நடுவில் நிறுத்தும் வரை சைபர் மோசடி எச்சரிக்கை என்று ஒரு நீளமான பேச்சு வந்தது, அது முடிந்த பிறகுதான் ரிங் போகும். ஆம்புலன்சுக்கு ஆள் கூப்பிடுகிற நேரத்தில் அதையா கேட்பது?

எக்ஸ்சேஞ்ச் ஆள்

அண்ணாச்சி, அது வேறு சமாச்சாரம்.

பேத்தி

எங்களுக்கு வந்தது இதுவும் இல்லை. பாட்டி ஊரில் தனியாக இருக்கிறார். ஒருநாள் "இந்த எண் தற்காலிகமாகச் சேவையில் இல்லை" என்று வந்தது. அப்பா உடனே காரை எடுத்துவிட்டார். போய்ப் பார்த்தால் பாட்டி திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், டவர் நாலு கோடு நிற்கிறது. ரீசார்ஜ் முடிந்து சில நாள் ஆகி இன்கமிங்கையும் நிறுத்திவிட்டார்கள். பாட்டியிடம் இருப்பது பட்டன் போன், வந்த மெசேஜை அவர் படிக்கவே இல்லை. காரிலிருந்தே ஆப்பில் ரீசார்ஜ் போட்டிருந்தால் வழியிலேயே பேசியிருக்கலாம். "தற்காலிகமாக" என்று வந்தால் மறுபடி மறுபடி அடித்துப் பிரயோசனம் இல்லை, பணம் கட்டும் வரை அதேதான் சொல்லும்.

எக்ஸ்சேஞ்ச் ஆள்

சரியாகச் சொன்னீர்கள். இதை நீளவிடக் கூடாது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாத பிரீபெய்டு நம்பரைத் துண்டிக்கலாம் என்பது விதி. துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த நம்பரில் "ஹலோ" சொல்வது யாரோ ஒருவர். "நீங்கள் டயல் செய்த எண் சரியானதல்ல" என்று வந்தால் முதலில் ஒரு இலக்கம் விட்டுப்போனதா என்று பாருங்கள்.

நைட் ஷிப்ட்

என் தம்பிக்கு எப்போது கூப்பிட்டாலும் "வேறு அழைப்பில் உள்ளார்". பிளாக் பண்ணிவிட்டான் என்று அர்த்தம். பேச்சே நின்றுவிட்டது.

ஒரு விஷயம், தென்காசியக்கா. அடுத்த தடவை அப்பா போகும்போது காட்டுக்குள் ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், பம்பைக்கு வருவதற்குள் நிஜமாகவே அணைந்துவிடும். அப்படிப் போட்டால் வெளியே இருந்து கூப்பிடுகிறவர்களுக்கு ஸ்விட்ச் ஆஃப் என்றுதான் கேட்கும், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குருசாமி நம்பரும் இன்னொரு சாமி நம்பரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு கம்பெனி சிம்மாக இருந்தால் நல்லது. பவர்பேங்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இருமுடியில் வைக்காமல் தோள்பையில் வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தாவளத்தில் எத்தனை மணிக்குப் பேசுவார் என்று புறப்படும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்கு முன்னால் கூப்பிடவே வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் ஆள்

தம்பி பிளாக் பண்ணினதாக முடிவு கட்டாதீர்கள். நிஜமாகவே பேசிக்கொண்டிருந்தாலும் அதே அறிவிப்புதான், ரிங் போகும்போது சிவப்பை அழுத்தித் துண்டித்தாலும் பல நேரம் அதேதான். இரண்டு மூன்று ரிங் போய்ப் பிறகு அந்த அறிவிப்பு வந்தால் துண்டிக்கிறார். ரிங்கே போகாமல் எந்த நேரமும் அதுவே வந்தால் பிளாக்காக இருக்கலாம். வேறு நம்பரிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

தென்காசிப் பொண்ணு

அன்றைக்கு ராத்திரி நாங்கள் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தோம். அதனால் ஏதாவது பலன் உண்டா?

எக்ஸ்சேஞ்ச் ஆள்

இல்லை. அடிப்பதால் சிக்னல் வராது. "எல்லைக்கு வெளியே" என்றால் ஹைவேயில் கால் மணி நேரம் விட்டு அடிக்கலாம், காடு மலை என்றால் அவர் அடுத்து டவர் உள்ள இடத்துக்கு எப்போது வருவார் என்று கணக்குப் பார்த்துத்தான். "இந்த வழித்தடத்தில் அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்று வந்தால் மட்டும் இரண்டு நிமிடத்தில் மறுபடி போடுங்கள், அது நெட்வொர்க்கில் நெரிசல், அவர் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதைவிட நல்ல வழி, டெலிவரி ரிப்போர்ட்டை ஆன் செய்துவிட்டு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அவர் போன் டவரைப் பிடித்ததும் அது தானாகப் போய்ச் சேரும், உங்களுக்கு "டெலிவர்டு" என்று வரும். வந்த உடனே கூப்பிடுங்கள். ஆனால் ஒன்றிரண்டு நாளுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் அந்த எஸ்எம்எஸ் காலாவதி ஆகிவிடும்.

லாரிக்காரர்

வாட்ஸ்ஆப்பில் இரண்டு டிக் பார்த்தால் போதாதா?

பேத்தி

பாட்டியிடம் பட்டன் போன்.