சின்ன பட்டறைக்கு வேலை கேட்டு அனுப்பும் மெயிலுக்குப் பதிலே வருவதில்லை. எங்கே தப்பு?

ஓசூர்_க்யூசி:
வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் ஒரு யூனிட்டில் 2 வருடமாக க்யூசி வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் சொந்த ஊர் போத்தனூருக்கே வந்துவிடப் பார்க்கிறேன். மூன்று வாரத்தில் கோவைப் பக்கம் 23 மெயில் அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை. இப்போது குறிச்சி சிட்கோவில், பம்ப் ஷாஃப்ட் செய்யும் 18 பேர் பட்டறையில் இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார்கள். நான் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் என் தகுதிக்கேற்ற பணி இருப்பின் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் கடின உழைப்பாளி. சுயவிவரம் இணைத்துள்ளேன்."

சப்ஜெக்ட் `Resume`, ஃபைல் `Resume_final_new(2).docx`. எதை மாற்றுவது?

ரெக்ரூட்டர்_சென்னை:
விளம்பரத்தில் உள்ள சொற்கள் அத்தனையும் மெயிலில் வரவேண்டும். சாஃப்ட்வேர்தான் முதலில் வடிகட்டும்.

லேத்துப்பட்டறை:
மேடம் சொல்வது பெரிய கம்பெனி போர்ட்டலில் ஏற்றும் ரெஸ்யூமுக்குச் சரி. 18 பேர் பட்டறையில் வடிகட்டுவது முதலாளியின் கண்தான். நானும் 14 பேரை வைத்து நடத்துகிறேன். காலையில் மெஷின் ஓடுவதற்கு முன்னால் போனில் மெயில் பார்ப்பேன். திறக்காமலே கண்ணில் படுவது சப்ஜெக்டும் முதல் வரியில் பாதியும். உங்கள் மெயில் "தங்கள் புகழ்பெற்ற" என்பதோடு நின்றுவிடும். இந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறீர்களா, எப்போது வருவீர்கள், வந்தால் நிலைப்பீர்களா என்றுதான் நான் தேடுவேன். அது எதுவும் இதில் இல்லையே தம்பி.

இன்னொன்று கேட்கிறேன். 23 பேருக்கும் ஒரே மெயிலை BCC-யில் போட்டீர்களா?

ஓசூர்_க்யூசி:
ஆமாம் அண்ணா. To-வில் என் முகவரியையே போட்டேன்.

லேத்துப்பட்டறை:
அது வாங்குபவருக்கு அப்படியே தெரியும். ஊருக்கெல்லாம் அனுப்பியது என்று ஒதுக்கிவிடுவார்கள், நானும் ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். ஃபைல் PDF-ஆக இருக்கட்டும், போனில் வேர்டு ஃபைல் கோடெல்லாம் கலைந்து தெரிகிறது.

புதுப்பட்டதாரி22:
எனக்கும் இதே கதைதான், ஐ.டி. வேலைக்கு 60 இடத்தில் போட்டேன். இணைப்புக்குப் பதில் டிரைவ் லிங்க் கொடுத்தால் நல்லதா?

ரெக்ரூட்டர்_சென்னை:
வேண்டாம். ஷேரிங்கை மாற்ற மறந்தால், திறப்பவரிடம் அனுமதி கேட்டு நிற்கும். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள்.

ஓசூர்_க்யூசி:
மாற்றி எழுதினேன். சப்ஜெக்ட்: `QC Inspector - 2 yrs shaft inspection - can join in 30 days`

"வணக்கம் ஐயா, இன்ஸ்பெக்டர் வேலைக்கான உங்கள் விளம்பரம் பார்த்தேன். ஓசூரில் 2 வருடமாக ஷாஃப்ட் இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறேன். 25 மி.மீ. பேரிங் சீட், மொத்த டாலரன்ஸ் 0.02 மி.மீ.; மணிக்கு 5 பீஸ் வெர்னியரில் அளந்து பதிவு செய்வேன். என் வீடு போத்தனூரில், குடும்பத்தோடு இங்கேயே இருக்கப் போகிறேன். நோட்டீஸ் 30 நாள். சனிக்கிழமை நேரில் வர முடியும்."

லேத்துப்பட்டறை:
இதைப் பார்த்தால் போனை எடுப்பேன். ஆனால் "வெர்னியரில்" என்ற இடத்தில் வைத்துவிடுவேன். சாதாரண வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட்டே 0.02. மொத்த டாலரன்ஸும் அதுவேயானால் பீஸ் நல்லதா கழிவா என்று அதில் எப்படிச் சொல்வது? எதில் அளந்தீர்கள்?

ஓசூர்_க்யூசி:
0.001 காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டரில் அண்ணா. நீளத்துக்குத்தான் வெர்னியர். அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன்.

லேத்துப்பட்டறை:
அப்போ அதையே எழுதுங்கள். இடம் இருந்தால் நீங்களே பிடித்த ஒரு குறையைச் சேருங்கள். டேப்பர் ஏதாவது பிடித்திருக்கிறீர்களா?

ஓசூர்_க்யூசி:
ஒருமுறை சீட்டின் இரண்டு முனைக்கும் 0.015 வித்தியாசம் வந்தது. ஆபரேட்டரிடம் சொல்லி மெஷினை நிறுத்தினேன். டெயில்ஸ்டாக் சென்டர் விலகியிருந்தது.

லேத்துப்பட்டறை:
ஒரு முனை மட்டும் அளந்திருந்தால் அந்த பீஸ் பாஸ் ஆகியிருக்கும். இந்த ஒரு வரி போதும், "கடின உழைப்பாளி" தேவையே இல்லை.

ரெக்ரூட்டர்_சென்னை:
எதிர்பார்க்கும் சம்பளத்தையும் போட்டுவிடுங்கள், இரண்டு பக்கமும் நேரம் மிச்சம்.

லேத்துப்பட்டறை:
எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாளி உங்கள் வேலையைப் பார்ப்பதற்கு முன்னால் தொகையைப் பார்த்தால் மனம் அதிலேயே நிற்கும். விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் போடலாம்.

ஓசூர்_க்யூசி:
கேட்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். வெர்னியரை எடுத்துவிட்டு டேப்பர் வரியைச் சேர்த்தேன். ஃபைல் பெயரில் என் பெயரும் `QC_Inspector.pdf` என்பதும் இருக்கிறது. இன்று காலை 7:40-க்கு அவர் முகவரிக்கு மட்டும் அனுப்பினேன். பதில் இல்லையென்றால் எத்தனை நாள் கழித்து போன் செய்யலாம்?