பி.இ. 6 என்று வாங்கிய ஸ்டீல் பங்கு: எங்கே தப்பு செய்தேன்?

வணக்கம். 2022 தொடக்கத்தில் ஒரு ஸ்டீல் கம்பெனி பங்கு 120 ரூபாய். பங்கு ஒன்றுக்கு ஆண்டு லாபம் 20 ரூபாய், ஆக பி.இ. 6. ஒரு சோப்பு கம்பெனிக்கோ 55. ஸ்டீல்தான் மலிவு என்று வாங்கிவிட்டேன். அப்புறம் ஸ்டீல் விலை இறங்கி லாபம் 4 ரூபாயானது. பங்கு 100 ரூபாய்க்கு இறங்கியும் பி.இ. 25! உச்ச லாபத்தால் வகுத்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது; சோப்பு லாபம் இப்படி ஆடாது.

ஏழு வருடச் சராசரி லாபமான 8 ரூபாயை வைத்தால், வாங்கியபோதே பி.இ. 15. இப்படிச் சராசரி எடுப்பது சரியா, இல்லை புத்தக மதிப்போடு ஒப்பிடுவதா? கம்பெனிக்குக் கடனும் அதிகம். ஸ்டீல் பங்குகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் சொல்லுங்களேன்.