புதுப்பிப்பு: ஆஃப்லைன் கரன்சி கன்வெர்ட்டரில் இருக்கும் ரேட் பழசா?

போன வாரம் கேட்டது: "நெட் இல்லாத இடத்தில் ஆப் காட்டும் விலையை நம்பலாமா? உள்ளே இருக்கும் ரேட் எப்போதையது என்று எப்படிப் பார்ப்பது?"

அதற்கு, ரேட் ஃபைலின் தேதியைப் பார்க்கச் சொன்னவர் சொன்னது பாதிதான் சரி. அது டவுன்லோட் ஆன நேரம். பழைய ஃபைலை இன்று காப்பி செய்தாலும் இன்றைய தேதிதான் காட்டும். என் ஆப் ஐரோப்பிய மத்திய வங்கியின் அட்டவணையை அப்படியே வைத்திருக்கிறது. ரேட்டின் தேதி அதற்குள்ளேயே உண்டு:

```
grep -m1 "time=" eurofxref-daily.xml
```

தேதி பின்தங்கியிருந்தால் உடனே பதற வேண்டாம். வேலை நாட்களில் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 4 மணிவாக்கில்தான் புது ரேட் வரும். 2024 ஈஸ்டரில் மார்ச் 28 வியாழனுக்குப் பிறகு ஏப்ரல் 2 செவ்வாய் மாலைதான் அடுத்தது.

இன்னொரு தடயம், கரன்சிப் பட்டியல். குரோஷிய குனாவான HRK இருந்தால் 2023-க்கு முந்தையது, ஏனென்றால் அந்த ஜனவரியில் குரோஷியா யூரோவுக்கு மாறிவிட்டது. ரஷ்ய ரூபிளான RUB-க்கு ரேட் இருந்தால் இன்னும் பழசு; 2022 மார்ச் தொடக்கத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

எவ்வளவு அடி விழும்? 4,500 துருக்கி லிரா அறைக்கு, சேமித்த ரேட் ஒரு யூரோவுக்கு 30 என்றால் 150 யூரோ. உண்மையில் 36 ஆகியிருந்தால் 125தான். லிராவுக்கு ஒரு மாதப் பழசையே நான் நம்ப மாட்டேன். டேனிஷ் குரோன் யூரோவை ஒட்டியே போவதால் பரவாயில்லை.

இலங்கை ரூபாய் கேட்டவருக்கு: அது இந்த அட்டவணையிலேயே இல்லை. உங்கள் ஆப் வேறெங்கோ எடுக்கிறது.

அட்டவணையைத் திறக்கவே விடாத ஆப்புக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.