மாரியில் மழை 'பெய்யும்': ஹோதீ ஹையா, ஹோகீயா?

கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுப்பவர்

இந்தியாவில் படிக்கப் போகும் யோசனையில் சில பிள்ளைகள் என்னிடம் ஹிந்தி தொடங்கியிருக்கிறார்கள். இடைவெளி நிரப்பும் பயிற்சியில் ஒரு வரி: "நவம்பர் மே யஹான் பாரிஷ் ____", அதாவது நவம்பரில் இங்கே மழை பெய்யும். அனேகமானோர் 'ஹோகீ' என்று எழுதினார்கள். விடைப் பக்கத்தில் இருப்பதோ 'ஹோதீ ஹை'.

ஏன் என்று பிறகு விளங்கியது. "மாரியில் இங்கே மழை பெய்யும்" என்கிறோம், "நாளைக்கு மழை பெய்யும்" என்றும் சொல்கிறோம். நமக்கு ஒரே 'பெய்யும்', ஹிந்தியில் இரண்டு வடிவம்: வழக்கமாக நடப்பதற்கு 'ஹோதீ ஹை', வரப்போவதற்கு 'ஹோகீ'. நீங்கள் படித்தபோது, படிப்பித்தபோது இதை எப்படிக் கடந்தீர்கள்?

வவுனியா மாணவன்

ரீச்சர், இது சுகம். வாக்கியத்தில் குறிச்சொல்லைத் தேடினால் போதும். ஒவ்வொரு வருடமும் என்கிற 'ஹர் சால்', தினமும் என்கிற 'ரோஸ்' வந்தால் ஹோதா ஹை. இப்போது என்கிற 'அபீ' வந்தால் ஹோ ரஹா ஹை. நாளை என்கிற 'கல்' வந்தால் ஹோகா. நான் அப்படித்தான் நிரப்புவேன், பெரும்பாலும் சரிவரும்.

முல்லைத்தீவு, முன்பு டில்லியில் வேலை செய்தவர்

தம்பி, பெரும்பாலும் சரிவரும் என்பது உண்மை. ஆனால் இதை நிரப்பிப் பாரும்: "வஹ் அபீ கிளாஸ் மே ____." உம்முடைய கணக்குப்படி 'ஹோ ரஹா ஹை'. அது பிழை, 'ஹை' மட்டும்தான் வரும். ஹோ ரஹா ஹை என்பது ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல. மழை நடக்கும், கூட்டம் நடக்கும், தலையில் வலிகூட நடக்கும்: "சிர் மே தர்த் ஹோ ரஹா ஹை." ஒருவர் வகுப்பில் இருப்பது நடக்கிற காரியம் இல்லை. 'கல்'லும் கவனம். அது நாளையும்தான், நேற்றும்தான்.

நான் இரணைமடுவை வைத்துத்தான் விளங்கப்படுத்துவேன். அணைக்கட்டில் நின்று பார்த்துச் சொன்னால் "குளத்தில் தண்ணீர் இருக்கிறது", அதாவது "பானீ ஹை". எந்த வருடம் என்றில்லாமல், ஜனவரியில் பொதுவாக இருக்கும் என்றால் "ஜன்வரீ மே பானீ ஹோதா ஹை". வருகிற ஜனவரியைச் சொன்னால் "ஹோகா". இன்னொன்றும் உண்டு. குளத்தைப் பார்க்காமல் வீட்டிலிருந்தே, "நல்ல மழைதானே, இப்ப தண்ணீர் இருக்கும்" என்று ஊகிக்கிறோமே, அதற்கும் 'ஹோகா'தான். அந்த இடத்தில் ஹிந்தியும் தமிழும் ஒரே மாதிரி. ஆகவே 'இருக்கும்' என்று வாயில் வந்தால், பக்கத்தில் 'வழக்கமாக' போட்டுப் பாருங்கள். கருத்து மாறாவிட்டால் ஹோதா ஹை. 'இந்தமுறை' அல்லது 'அனேகமாக' பொருந்தினால் ஹோகா.

மாங்குளம், கட்டாரிலிருந்து திரும்பியவர்

நீங்கள் சொல்லும் ஹோகாவை நான் பெரிதாகக் கேட்டதே இல்லை. எங்கள் கேம்பில் இருந்த பீகார்காரர்களிடம் எந்த வேலையைச் சொன்னாலும் "ஹோ ஜாயேகா" என்பார்கள். அதையே படிப்பித்தால் என்ன?

முல்லைத்தீவு, முன்பு டில்லியில் வேலை செய்தவர்

அண்ணை, அது 'ஆகிவிடும், முடிந்துவிடும்' என்கிற பேச்சு. வேலைத்தளத்தில் அதுதான் கூடக் கேட்கும். "கல் சுட்டீ ஹோகீ", நாளைக்கு விடுமுறை என்ற இடத்தில் அதைப் போட்டால் கருத்து கொஞ்சம் விலகும்.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்

என் மகள் ஹோதா ஹை என்றுதான் எழுதினாள், அதற்கும் பிழை போட்டிருக்கிறார்கள்! அப்போ எதைத்தான் எழுதுவது?

வவுனியா மாணவன்

அக்கா, பாரிஷ் பெண்பால். அதனால் ஹோதீ ஹை, ஹோ ரஹீ ஹை, ஹோகீ. பானீ ஆண்பால், அதற்கு ஹோதா. மகளுக்குக் காலம் சரி, பால்தான் மாறிவிட்டது.

கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுப்பவர்

'வழக்கமாக' போட்டுப் பார்ப்பதை நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். ஒரு சந்தேகம் மிச்சம். நான் கொடுத்த வரியில் 'ஹர் சால்' இல்லை. வருகிற நவம்பரை நினைத்து ஒரு பிள்ளை 'ஹோகீ' என்று எழுதினால் அதுவும் நல்ல ஹிந்திதானே?

முல்லைத்தீவு, முன்பு டில்லியில் வேலை செய்தவர்

நல்ல ஹிந்திதான். பிழை கேள்வியில். நானென்றால் புள்ளி கொடுப்பேன்.

வவுனியா மாணவன்

சோதனையில் கொடுக்க மாட்டார்கள் சேர். விடைத்தாளில் ஒன்றுதான் இருக்கும். மாதத்தின் பெயர் மட்டும் வந்தால் ஹோதீ ஹை என்றே எழுதச் சொல்லி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுப்பவர்

சோதனைக்கு அது சரி. என் தாளில் ஒரு வரிக்கு 'ஹர் சால்', மற்றதற்கு இந்த வருடம் என்கிற 'இஸ் சால்' சேர்த்து இரண்டாக்கிவிடுகிறேன்.