கால் ஏக்கரில் சி.ஓ.3 புல்லு வளர்த்து பால்மாட்டுக்காரருக்கு விக்கிறது: எப்பிடி வெட்டுறது, யாருக்குக் குடுக்கிறது?

பரந்தன்காரன்
வணக்கம். பரந்தன் பக்கம் நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர் மேட்டுக்காணி இருக்கு. ஒரு கிணறும் ரெண்டு அங்குலப் பம்பு ஒண்டும் இருக்கு. சி.ஓ.3 நட்டு, கிட்ட உள்ள பால்மாட்டுக்காரருக்குக் குடுக்க யோசிக்கிறன். இது எத்தனை மாட்டுக்குக் காணும்? முழுக்க ஒரேயடியா வெட்டுறதோ, பகுதி பகுதியா வெட்டுறதோ? புல்லு வித்த அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

இரணைமடு இடதுகரை
ஒரேயடியா வெட்டினா வாங்கிறவர் உங்களிட்ட நிக்க மாட்டார், தம்பி. அவருக்கு நாளாந்தம் வேணும். கட்டாயம் பாத்தி பிரிச்சுத்தான் வெட்ட வேணும்.

கணக்கு இப்பிடி. கால் ஏக்கர் எண்டா ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். நடபாதை, வாய்க்கால் போக 900 மிஞ்சும். இந்தப் புல்லு 45 நாளுக்கு ஒருக்கா வெட்டுக்கு வரும். 15 பாத்தியாப் பிரிச்சு மூண்டு நாளுக்கு ஒரு பாத்தி வெட்டினா, 15-ஆவது பாத்தி முடியேக்க முதலாவது திரும்ப வெட்டுக்கு நிக்கும். ஒரு பாத்தி 60 சதுர மீற்றர். தண்ணியும் எருவும் ஒழுங்கா இருந்தா சதுர மீற்றருக்கு மூண்டு கிலோ பச்சைப்புல்லு எண்டு வையுங்கோ. அதுக்கு மேல வந்தா லாபம், ஆனா அதை நம்பி ஆருக்கும் வாக்குக் குடுக்காதையுங்கோ. பாத்திக்கு 180 கிலோ, மூண்டு நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு 60 கிலோ.

300 கிலோ நிறை உள்ள மாடு நாளுக்கு 30 கிலோ பச்சைப்புல்லு தின்னும். அப்ப முழுத்தீனாக் குடுத்தா ரெண்டு மாடுதான். பகலில மேய விட்டு, பின்னேரம் தொட்டியில 15 கிலோ போடுற ஆக்களுக்குக் குடுத்தா நாலு மாட்டுக்குக் காணும். வன்னியில பெரும்பாலும் ரெண்டாவது வகை ஆக்கள்தான். நாலு பரப்பை வைச்சுக்கொண்டு பத்து மாட்டுக்காரரிட்ட ஒப்புக்கொண்டா, ரெண்டாம் மாசமே பிஞ்சுப் புல்லை வெட்டத் தொடங்குவியள். பிஞ்சில திரும்பத் திரும்ப வெட்டினா வேரில சேமிப்பு இல்லாமல் தூர் மெலிஞ்சு போகும்.

பரந்தன்காரன்
நன்றி அண்ணை. ஒரு சந்தேகம். எல்லாத்தையும் ஒரே கிழமையில நட்டா எல்லாப் பாத்தியும் ஒரே வயசுதானே? அப்ப மூண்டு நாளுக்கு ஒண்டாப் பிரிக்கிறது எப்பிடி?

இரணைமடு இடதுகரை
இதிலதான் கனபேர் தடுமாறுறது. முதல் வெட்டு நட்டு 65 நாளில தொடங்குங்கோ. மூண்டு நாளுக்கு ஒரு பாத்தி எண்டு போனா கடைசிப் பாத்திக்கு வரேக்க 107 நாள் ஆகியிருக்கும். அது கம்பாப் போயிருக்கும், மாடு தின்னாது.

ஆனா நடுகட்டைக்கு மூண்டு மாசத் தண்டுதான் வேணும். அதனால முதல் சுற்றில முன் பத்துப் பாத்தியைப் புல்லா வில்லுங்கோ, கடைசி அஞ்சையும் நடுகட்டையா வில்லுங்கோ. புதுசா நட இருக்கிற ஆக்களிட்ட முதலே சொல்லி வைச்சா, கட்டையில வாற காசு புல்லில வாறதை விடக் கூட. ரெண்டாம் சுற்றில எல்லாப் பாத்தியும் தானாவே 45 நாள் ஒழுங்குக்கு வந்திடும்.

கட்டை வெட்டேக்க அடித்தண்டும் வேண்டாம், நுனியும் வேண்டாம், நடுத்தண்டு எடுங்கோ. ஒரு துண்டில மூண்டு கணு இருக்க வேணும். சரிச்சு நட்டு ரெண்டு கணுவை மண்ணுக்குள்ள விடுங்கோ, ஒண்டு வெளியில நிக்கட்டும். கணுவில முளை மேல பாக்க வேணும், தலைகீழா நட்டா முளைப்பு பிந்தும். வரிசைக்கு மூண்டு அடி, கட்டைக்குக் கட்டை ஒண்டரை அடி விட்டா உங்கட காணிக்கு ஏறக்குறைய 2,200 துண்டு போகும். பிடிக்காததுக்கு மாத்தி நட இன்னும் 200 வைச்சிருங்கோ.

நெடுங்கேணி மாட்டுப்பட்டி
45 நாளில வெட்டுறது நட்டம். 60, 70 நாள் விட்டா ஆளுயரத்துக்கு மேல போகும், நிறை கூட வரும். யூரியாவை ரெண்டு மடங்கு போட்டா கடும்பச்சையா நிக்கும், பாக்கிற ஆக்கள் உடன வாங்குவினம். நாங்கள் அப்பிடித்தான் செய்யிறது.

மாங்குளம் அக்கா
நான் வாங்கிற பக்கம், அதனால எங்கட கண்ணால சொல்லுறன். எனக்குப் புல்லின்ர உயரம் தேவையில்லை. விடிய தொட்டியைப் பாப்பன். 30 கிலோ போட்டதில எட்டுக் கிலோ தடிச்ச தண்டாக் கிடந்தா, நான் காசு குடுத்தது 22 கிலோவுக்குத்தான். அடுத்த கிழமை பாலும் குறையும். வாங்க முதல் அடித்தண்டை நகத்தால அழுத்திப் பாப்பன். நகம் இறங்கினா வாங்குவன். இறங்காமல், முறிச்சா உள்ள வெள்ளைச் சக்கையா இருந்தா திருப்பி அனுப்புவன். வெட்டுற மெசின் இருக்கிற ஆக்கள் கொஞ்சம் முத்தினதையும் ஒரு அங்குலத் துண்டா அரிஞ்சு போட்டுச் சமாளிப்பினம். எங்களிட்ட மெசின் இல்லை.

இரணைமடு இடதுகரை
நெடுங்கேணித் தம்பி சொன்னதில நிறை கூடுறது உண்மை. ஆனா கூடுற நிறை தண்டில, இலையில இல்லை. புரதம் இலையிலதான் இருக்கு. அக்கா மாதிரி தொட்டியைப் பாக்கிற ஆக்களிட்ட அது ரெண்டு தரத்துக்கு மேல விலைப்படாது.

யூரியா விசயத்தை நான் பாரதூரமாத்தான் சொல்லுறன். 60 சதுர மீற்றர் பாத்திக்கு, வெட்டி ஒரு கிழமையில அரையில இருந்து முக்கால் கிலோ யூரியா போதும், போட்ட உடன தண்ணி இறைக்க வேணும். அதுக்கு மேல போட்டா, அதுவும் தண்ணியில்லாமல் வாடி நிண்ட புல்லுக்கு மழை பெய்ஞ்சு திடீரெண்டு தழைக்கேக்க, நைத்திரேற்று தண்டில தேங்கும். அந்தப் புல்லைப் பசியோட நிக்கிற மாடு வயிறு முட்டத் தின்னா மூச்சு வாங்கும், தள்ளாடும், முரசு மண்ணிறமா மாறும், ரத்தம் சொக்கிலேற் நிறத்தில வரும். உடன மிருக வைத்தியரைக் கூப்பிட வேணும், மணித்தியாலக் கணக்கில மாடு போயிடும். யூரியா போட்டு மூண்டு கிழமைக்குள்ள அந்தப் பாத்தியில கத்தி வைக்காதையுங்கோ. வரட்சிக்குப் பிறகு முதல் மழை பெய்ஞ்சாலும் ஒரு கிழமை, பத்து நாள் பொறுத்து வெட்டுங்கோ.

புல்லு வித்தா காணியின்ர சத்தும் வெளியில போகுது, அதை யூரியா மட்டும் திருப்பித் தராது. முதிர்ந்த இலையின்ர ஓரம் கருகினா பொற்றாசியம் குறைஞ்சு போச்சுதெண்டு அர்த்தம். புல்லு இறக்கப் போற வீட்டில இருந்து மாட்டெரு ஏத்திக்கொண்டு வாறது நல்ல ஏற்பாடு. வண்டி வெறுமனத் திரும்பாது, அவருக்கும் பட்டி துப்பரவாகும்.

முழங்காவில்
எனக்கு ஆடுதான் இருக்கு, பன்ரண்டு. வயல் காணி ஒண்டு சும்மா கிடக்கு, மாரியில ரெண்டு மாசம் தண்ணி நிக்கும். அதுக்கு இந்தப் புல்லைப் போடலாமோ?

இரணைமடு இடதுகரை
போடக்கூடாது. தண்ணி நிண்டா சி.ஓ.3 தூர் அழுகி மஞ்சளாகிச் செத்துப்போகும். அந்தக் காணிக்குப் பாராப் புல்லுத்தான் சரி, அது ஈரத்தில நல்லா ஓடும். ஆட்டுக்கு வேலியில கிளிசரிடியாவும் இபில் இபிலும் நட்டா இதை விடப் பலன் கூட.

பரந்தன் தம்பிக்கும் இதே காரணம்தான். ஐப்பசி முதல் மழையோட நட்டா கார்த்திகை அடைமழைக்குள்ள கட்டை அழுகும். மேட்டுக்காணி எண்டாலும் களிமண் கலப்பு இருந்தா வரம்பு எழுப்பி, அதில நடுங்கோ. மண் ஈரமா இருக்கிற தை மாசம் எனக்குப் பிடிச்ச காலம். அதுக்கு முதல் வேலியை அடைச்சுப் போடுங்கோ. கட்டாக்காலி மாடு ஒரு இரவில ரெண்டு பாத்தியை முடிச்சிடும்.

பரந்தன்காரன்
தண்ணிக்கு என்ன செய்யிறது? ஆவணியில கிணறு நல்லா இறங்கும்.

கனகராயன்குளம்
இதைத்தான் முதல் கேட்டிருக்க வேணும். கோடையில நாளுக்கு அஞ்சு மில்லிமீற்றர் வேணும் எண்டு வையுங்கோ. ஒரு சதுர மீற்றருக்கு அஞ்சு லீற்றர், 900-க்கு 4,500 லீற்றர். பம்பு ஒரு மணித்தியாலத்துக்குள்ள அதை இறைச்சுப் போடும், ஆனா கிணறு அவ்வளவு ஊறுமோ எண்டதுதான் கேள்வி. பங்குனியில பாத்தா விளங்காது. ஆவணியில ஒரு நாள் வத்த இறைச்சுப்போட்டு, அடுத்த நாள் விடிய எவ்வளவு ஊறியிருக்கு எண்டு அளவுங்கோ.

பாதிதான் ஊறினா எல்லாப் பாத்திக்கும் அரைத் தண்ணி விடாதையுங்கோ. அப்பிடி விட்டா ஒண்டும் வெட்டுக்கு வராது. ஏழெட்டுப் பாத்திக்கு முழுத் தண்ணி விட்டு மற்றதை விடுங்கோ. வேர் ஆழம், காஞ்சாலும் தூர் உயிரோட கிடந்து மழைக்குத் தளிர்க்கும். அந்த நேரத்தில ஒரு வாடிக்கையாளரைத்தான் வைச்சிருக்கலாம். ஆனா கோடைப் புல்லுக்குத்தான் நல்ல விலை.

மாங்குளம் அக்கா
காலத்தையும் யோசியுங்கோ. காலபோகம் அறுவடை முடிஞ்சா மாசி, பங்குனியில மாடுகள் அறுத்த வயலில மேயும், வைக்கலும் கிடைக்கும். அப்ப நான் புல்லு வாங்க மாட்டன். வயல் முழுக்க நெல்லு நிக்கேக்க மேய்ச்சல் இல்லை, அப்ப வேணும். ஆனியில இருந்து புரட்டாதி வரை கட்டாயம் வேணும்.

இரணைமடு இடதுகரை
அக்கா சொன்ன மாசி, பங்குனியைத்தான் எரு போடவும், பிடிக்காத இடத்துக்குக் கட்டை நடவும் பாவிக்கிறது. கொஞ்சப் பாத்தியை முத்த விட்டு நடுகட்டை எடுக்கிறதும் அந்த நேரம்தான்.

வெட்டேக்க நிலத்தில இருந்து நாலு விரல் விட்டு, கூரான அரிவாளால ஒரே இழுவையில வெட்டுங்கோ. மொட்டை அரிவாள் தூரைக் கிழிக்கும், கிழிஞ்ச இடத்தில அழுகல் பிடிக்கும். வெட்டினதைக் குவிச்சு வைக்காதையுங்கோ. இரவு குவிச்ச புல்லுக்குள்ள விடிய கையை விட்டா சுடும், புளிச்ச மணம் வரும், உள்ளுக்கு மஞ்சளாகியிருக்கும். மாடு மணந்து பாத்திட்டுத் தலையைத் திருப்பிப்போடும். நிழலில நெட்டுக்கு நிமித்தி, இடைவெளி விட்டுச் சாத்தி வையுங்கோ.

பரந்தன்காரன்
விக்கிறது கட்டுக் கணக்கிலயோ, நிறையிலயோ?

கனகராயன்குளம்
நிறையில. தொங்குதராசு வாங்குங்கோ. கட்டு ஆளுக்கு ஆள் மாறும், இறுக்கிக் கட்டினா ஒரு அளவு, தளர்த்திக் கட்டினா இன்னொண்டு. நாள் போனா சண்டைதான் வரும்.

நெடுங்கேணி மாட்டுப்பட்டி
நிறையிலயும் சண்டை வரும் அண்ணை. மழையில வெட்டின புல்லுக்கு தண்ணிக்கும் சேத்துத்தானே காசு? கட்டு எண்டா கண்ணால பாத்து எடுக்கலாம்.

மாங்குளம் அக்கா
மழை நாளில நான் பத்துக்கு ஒரு கிலோ கழிச்சுத்தான் குடுப்பன். கொண்டு வாறவர் ஒத்துக்கொள்ளுறேல்லை. இன்னும் முடிவில்லை.

கனகராயன்குளம்
மழை நாளில இலை காயும் வரை பொறுத்து வெட்டினா அந்தப் பிரச்சினையில பாதி வராது. நாள் முழுக்க மழை எண்டா என்ன செய்யிறதெண்டு எனக்கும் தீர்வில்லை. அதுக்கு வேற வழி வைச்சிருக்கிற ஆக்கள் இருந்தா எழுதுங்கோ.