புதுப்பிப்பு: மாமாவுக்கு டீடை விளக்கிய கதை

முன்பு கேட்டது: "பெங்களூரில் மாமாவும் நானும் மாவுக்கடை தொடங்குகிறோம். பார்ட்னர்ஷிப் ஒப்பந்தமான டீட் இங்கிலீஷில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் லாபப் பங்கையும் விலகலையும் அவருக்கு எப்படிப் புரியவைப்பது?"

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்காகவே போட்டுக் காட்டினேன். அவர் முதலீடு 8 லட்சம், என்னுடையது 2 லட்சம், கடையில் நிற்பது நான். வருடத்துக்கு 6 லட்சம் மிஞ்சினால், முதலுக்கு 12 சதவீத வட்டி: அவருக்கு 96,000, எனக்கு 24,000. என் சம்பளம் 2,40,000. மீதி 2,40,000தான் பாதிப் பாதி.

"சரிபாதின்னா 3 லட்சம் வரும்னுல்ல நெனச்சேன்!" என்றார். அவருக்கு வருவது 2,16,000. அரை மணி நேரம் பேசவில்லை. அப்புறம் சம்பளத்தை மாதம் 15,000 ஆக்கினோம்.

லாபப் பங்கை டீடில் எழுதாவிட்டால், போட்ட முதலின் விகிதப்படி பிரியும் என்று இங்கே ஒருவர் சொன்னார். இல்லை, 1932ஆம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி சமமாகத்தான் பிரியும். ஆடிட்டர் நண்பர் சொன்னதுதான் கண்ணைத் திறந்தது: இரண்டே பேர் என்றால், ஒருவர் விலகியதும் பார்ட்னர்ஷிப்பே முடிந்துவிடும். அதனால் மற்றவர் தனியாகக் கடையைத் தொடரலாம், விலகுபவர் பணத்தை ஆறு மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தோம்.

விலகும்போது 8 லட்சமும் அப்படியே கிடைக்கும் என்று மாமா நம்பியிருந்தார். டீடில் இருந்ததோ புத்தக மதிப்பு. 3 லட்சம் கிரைண்டர், வருடா வருடம் மீதி மதிப்பில் 15 சதவீதம் தேய்மானம் போனால் மூன்று வருடத்தில் சுமார் 1,84,000.

கடைப் பெயருக்கு என்ன விலை என்பதில் இன்னும் இழுபறி. சீட்டுக் கம்பெனியில் ஏமாந்த கதையை மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டார். கையெழுத்து அடுத்த வாரம்.